கதிரவனைக் கணக்கிடும் விளக்கு

திண்டுக்கல் சமவெளியில், ஊரைவிட்டு விலகிய தோட்டமொன்றின் மோட்டார் அறை வாசலில் ஒரு விளக்கு உள்ளது. கதிரவன் மறையும்போது அது தானே எரிய வேண்டும். உதிக்கும்போது அணைய வேண்டும். அங்கே இணையம் கிடையாது. இருப்பவை ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையும், மின்கலத்தால் ஓடும் கடிகாரச் சில்லும் மட்டுமே. ஆயினும் இன்றைய தேதி தெரிந்தால், அன்றைய கதிரவன் மறைவை அப்பலகை தானே கணித்துக்கொள்ளும்.

கணக்கின் முதற்படி, நண்பகலைக் கண்டறிதல். கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் எல்லா ஊர்களிலும் பன்னிரண்டு மணியன்று. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைச் சார்ந்தது. திண்டுக்கல்லோ ஏறத்தாழ 77.97 பாகையில், அக்கோட்டுக்கு மேற்கே உள்ளது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், இங்கே உச்சிப்பொழுது சுமார் 18 நிமிடம் பிந்துகிறது. மேலும், புவியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், உச்சிப்பொழுது ஆண்டு முழுவதும் முன்பின்னாக நகர்கிறது. இந்தத் திருத்தத்திற்கு 'நேரச் சமன்பாடு' என்று பெயர். நவம்பர் நடுவில் அதன் அளவு ஏறத்தாழ 15 நிமிடம்.

அடுத்தது, பகலின் பாதி நீளம். இது ஊரின் அட்சக்கோட்டையும், வான நடுவரையிலிருந்து கதிரவன் அன்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை `N` எனக் கொண்டால், கணக்கு முழுவதும் சில வரிகளில் அடங்கிவிடும்.

```
float r = PI / 180.0;
float B = 360.0 * (N - 81) / 365.0 * r;
float E = 9.87*sin(2*B) - 7.53*cos(B) - 1.5*sin(B);
float D = 23.45 * sin(B) * r;
float L = 10.36 * r;
float noon = 720 + 4*(82.5 - 77.97) - E;
float H = acos((sin(-0.833*r) - sin(L)*sin(D))
               / (cos(L)*cos(D)));
float sunset = noon + 4*H/r;
```

`E` என்பது நேரச் சமன்பாடு. `D` கதிரவனின் விலக்கம். `L` திண்டுக்கல்லின் அட்சக்கோடு. விடை நள்ளிரவிலிருந்து எண்ணிய நிமிடங்களாக வரும். உதயம் வேண்டுமெனில், கடைசி வரியில் கூட்டலுக்குப் பதில் கழிக்க வேண்டும். கதிரவனின் மேல்விளிம்பு மறைவதையே மறைவு என்கிறோம். வளிமண்டலம் ஒளியை வளைத்து அதைச் சற்று உயர்த்தியும் காட்டுகிறது. இவ்விரண்டிற்குமான திருத்தமே -0.833 பாகை.

நவம்பர் 15-ஐப் போட்டுப் பார்ப்போம். லீப் அல்லாத ஆண்டில் அது 319-ஆவது நாள். `E` 14.9 நிமிடம் என வருவதால், உச்சிப்பொழுது 12.03. பகலின் பாதி 5 மணி 49 நிமிடம். ஆகவே மறைவு மாலை 5.52. டிசம்பர் 21-இலோ அது 6.02. மிகக் குறுகிய பகல் டிசம்பரில் வந்தாலும், மிக முந்திய மறைவு நவம்பரிலேயே நிகழ்ந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பகல் நீளம் அதிகம் மாறாது. அதனால் நேரச் சமன்பாட்டின் கை ஓங்கிவிடுகிறது.

இனி, ஒரு புள்ளி செய்யும் கேட்டைக் காண்போம். நிரலில் `360.0` என்பதை `360` என்று எழுதிவிட்டால், ஜனவரி முதல் ஜூன் 21 வரை விளக்கு பிழையின்றி எரியும். ஜூன் 22 அன்று, 6.42-க்கு எரிய வேண்டிய விளக்கு 6.03-க்கே எரிந்துவிடும். சிறிய ஆர்டுயினோ பலகைகளில் ஒரு முழு எண் 32767-க்கு மேல் போக இயலாது. ஜூன் 21 வரை 360 × 91 = 32760; அது அடங்கும். மறுநாள் 33120, அது வரம்பை மீறி எதிர்மறை எண்ணாகச் சுருண்டுவிடுகிறது. பலகை டிசம்பர்க் கதிரவனைக் கணித்துக்கொண்டிருக்கும். புள்ளியும் சுழியமும் சேர்ந்தால் பெருக்கல் தசம எண்களில் நடைபெறும், இடர் நீங்கும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கருவியை யார்தான் ஐயுறுவார்?

ஆகவே, விளக்கைப் பொருத்துமுன் 365 நாள்களுக்கும் விடையைத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம். அடுத்தடுத்த நாள்களின் மறைவு ஒரு நிமிடத்திற்கு மேல் வேறுபடாது. நாற்பது நிமிடத் தாவல் உடனே கண்ணில் படும். விடை சரியாயிருந்தும் விளக்கு மாதந்தோறும் சிறிது சிறிதாகப் பிந்தினால், குறை கணக்கில் இல்லை, கடிகாரச் சில்லில் உள்ளது. எப்போதும் சரியாக அரைமணி நேரம் பிசகினால், இந்திய நேரத்தின் 5.5 மணி எங்கோ 5 ஆகிவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொன்று உண்டு. இக்கணக்கு தடையற்ற தொடுவானத்தை எண்ணிச் செய்யப்படுவது. மேற்கே கொடைக்கானல் மலைகளுக்குப் பின்னால் கதிரவன் குறித்த நேரத்திற்கு முன்பே மறைந்துவிடலாம். எனினும் வானில் வெளிச்சம் உடனே அற்றுப்போவதில்லை. மறைவுக்குப் பின்னும் சுமார் இருபது நிமிடம் அந்தி ஒளி இருக்கும். அதனால் பலர் `-0.833`-ஐ `-3` அல்லது `-6` ஆக்கி, உண்மையில் இருட்டத் தொடங்கும் நேரத்திற்கு விளக்கைத் தள்ளிவைக்கின்றனர்.