நிறைமாதக் கால் வீக்கமும் செருப்பும்

ஏழாம் மாதத்துக்குப் பிறகு பல கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குகிறது. உடனே ஓர் எண் பெரிய செருப்பாக வாங்கிவிடுகிறோம். ஆனால் வீக்கம் அதிகம் தெரிவது பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலிலும்தான். செருப்பு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் பாதம் முன்னே வழுக்கும், நடக்கையில் தடுக்கும். நமக்கு வேண்டியது தளர்த்தக்கூடிய பட்டை.

வழக்கமாக 6ஆம் எண் அணியும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். வீக்கம் கூடியிருக்கும் மாலை நேரத்தில் அவர் கடைக்குச் செல்லட்டும். 6ஆம் எண்ணைப் போட்டு எழுந்து நிற்கட்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடமிருந்தால் அதே எண் போதும். விரல் முட்டினால் 7 எடுக்கலாம். அடுத்து வெல்க்ரோ பட்டையை ஒட்டிப் பார்க்க வேண்டும். அதனடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். மேலும் தளர்த்தவும் பட்டையில் மிச்சம் இருக்க வேண்டும். குனிய முடியாத மாதத்தில் பக்கிளைவிட வெல்க்ரோ எளிது. குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டையும் அவசியம்.

உள்மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சற்றே அமுங்கி உடனே எழும்பினால் நல்லது. அமுங்கியே கிடந்தால் விரைவில் தட்டையாகிவிடும்.

வீட்டில் கழற்றும்போது பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் மறுநாள் தளர்த்துங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலோ, அது செருப்பால் தீராது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.