ஒரே பில்லுக்கு இரண்டு பற்று விழுவது ஏன்?

மொத்த வியாபாரக் கடைகள் பலவற்றில் இன்று சில்லறைக் கடைக்காரர்கள் கைப்பேசிச் செயலி வழியாகவே சரக்கு கேட்கிறார்கள். பணத்தையும் அதிலேயே கட்டுகிறார்கள். இதில் அடிக்கடி வரும் வழக்கு ஒன்று உண்டு. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டுவிடும். வாடிக்கையாளர் "நான் ஒருமுறைதான் கட்டினேன்" என்பார். கடைக் கணக்கிலோ இரண்டு பற்று இருக்கும். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். இது எப்படி நேர்கிறது, மென்பொருளில் இதை எப்படித் தடுப்பது என்பதை இங்கே பார்ப்போம். செயலி எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலேயே உள்ளன. கட்டுரையை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்

ஒரு சில்லறைக் கடைக்காரர் மொத்தக் கடையில் ரூ. 50,000 முன்பணம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். செயலியில் பில் எண் 412 போடுகிறார். துவரம் பருப்பு ஒரு மூட்டை 50 கிலோ, கிலோ 120 வீதம் ரூ. 6,000. சர்க்கரை இரண்டு மூட்டை 100 கிலோ, கிலோ 44 வீதம் ரூ. 4,400. எண்ணெய் மூன்று டின், டின் 2,150 வீதம் ரூ. 6,450. மிளகாய் வற்றல் 8 கிலோ, கிலோ 200 வீதம் ரூ. 1,600. மொத்தம் ரூ. 18,450. பணம் கட்டியபின் முன்பண இருப்பு ரூ. 31,550 ஆக வேண்டும்.

காலை 11 மணி 4 நிமிடத்துக்கு 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அழுத்துகிறார். செயலி 10 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதப்பட்டுள்ளது. அன்று சர்வரில் நெருக்கடி. பற்று எழுதி முடிக்க 14 விநாடி ஆகிறது. பத்தாவது விநாடியில் செயலி பொறுமை இழந்து 'தோல்வி' என்று காட்டிவிடுகிறது. பதினான்காவது விநாடியில் சர்வர் தன் வேலையை முடித்து ரூ. 18,450 கழிக்கிறது. கடைக்காரர் மறுபடி அழுத்துகிறார். சர்வர் அதைப் புதிய கட்டளையாகக் கொண்டு இன்னொரு ரூ. 18,450 கழிக்கிறது. இருப்பு ரூ. 13,100 ஆகிவிடுகிறது.

இங்கே கடைக்காரர் மீது தவறில்லை. சர்வரும் தனக்கு வந்த கட்டளையைத்தான் செய்தது. 'பதில் வரவில்லை' என்பதை 'வேலை நடக்கவில்லை' என்று செயலி எடுத்துக்கொண்டதே கோளாறு. பதில் வராததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கட்டளை சர்வருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்து, வேலை நடந்துகொண்டிருக்கலாம். அல்லது வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கைப்பேசியில் இருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். எனவே மறுபடி அனுப்புவதைத் தடுப்பது தீர்வாகாது. மறுபடி அனுப்பினாலும் கெடுதல் வராதபடி செய்வதே தீர்வு.

பயன் தராத இரண்டு மருந்துகள்

பலரும் முதலில் செய்வது, ஒருமுறை அழுத்தியதும் பொத்தானை முடக்கிவைப்பது. அவசரத்தில் இரட்டையாக அழுத்துவதை இது தடுக்கும், வைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் மேலே சொன்ன கணக்கில் இது உதவாது. தோல்வி என்று காட்டியபின் பொத்தான் மீண்டும் உயிர் பெறும். செயலியை மூடித் திறந்தாலும் அப்படியே.

இரண்டாவது, ஒரே வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்துக்குள் அதே தொகையை மீண்டும் கட்டினால் மறுப்பது. இதில் இரு பக்கமும் ஓட்டை. அவர் உண்மையிலேயே இன்னொரு பில் அதே தொகைக்குப் போட்டிருந்தால் நல்ல வியாபாரம் நின்றுபோகும். ஆறாவது நிமிடத்தில் மறுபடி அழுத்தினாலோ இரட்டைப் பற்று தாராளமாக விழும்.

ஐடெம்பொட்டன்சி என்றால் என்ன?

ஒரு வேலையை எத்தனை முறை செய்யச் சொன்னாலும் ஒருமுறை செய்த பலனே இருந்தால், அந்த வேலைக்கு ஐடெம்பொட்டன்ட் என்று பெயர். 1870-ல் அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் கணிதத்தில் கொண்டுவந்த சொல் இது. நம் கடை வழக்கிலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். கணக்குப் பிள்ளையிடம் "இவர் பெயரில் ரூ. 18,450 பற்று எழுது" என்று இருமுறை சொன்னால் இருமுறை எழுதுவார். "பில் எண் 412-க்கு ரூ. 18,450 பற்று எழுது" என்று இருமுறை சொன்னால், பேரேட்டைப் பார்த்து "412 எழுதியாகிவிட்டதே" என்பார். பில் எண் கட்டளையோடு சேர்ந்து வந்ததுதான் வித்தியாசம்.

மென்பொருளிலும் இதே முறைதான். ஒவ்வொரு பணம் கட்டும் முயற்சிக்கும் வேறு எதனோடும் ஒத்துப்போகாத ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். பணம் வாங்கித் தரும் நிறுவனங்களில் ஸ்ட்ரைப் போன்றவை இதை `Idempotency-Key` என்ற பெயரில் கட்டளையின் தலைப்பில் கேட்கின்றன.

இந்த எண் எப்போது பிறக்கிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பொத்தானை அழுத்தும்போது எண் உருவாக்கினால், இரண்டு அழுத்தலுக்கு இரண்டு எண் கிடைக்கும், பாதுகாப்பே இல்லை. பில் தயாராகிப் பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே எண்ணை உருவாக்கிக் கைப்பேசியிலும் சேமித்துவைக்க வேண்டும். அதே பில்லுக்குப் பத்து முறை அழுத்தினாலும், செயலியை மூடித் திறந்தாலும், அதே எண்தான் போக வேண்டும். பில் மாறினால் மட்டுமே எண் மாற வேண்டும்.

சர்வரில் செய்ய வேண்டியது

'இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பற்று எழுது' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே நொடியில் இரண்டு கட்டளைகள் வந்தால், இரண்டும் பார்க்கும். இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். இரண்டும் பற்று எழுதும். ஆகவே காவல் வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்க வேண்டும். வாடிக்கையாளர் எண்ணும் அடையாள எண்ணும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் பதிவாகக் கூடாது என்று அட்டவணையிலேயே விதி வைத்துவிட வேண்டும்.

```sql
ALTER TABLE payments
  ADD UNIQUE (customer_id, idem_key);

BEGIN;
INSERT INTO payments
  (customer_id, idem_key, bill_no, amount)
VALUES (207, 'k-7f3a91', 412, 18450);
UPDATE advance
  SET balance = balance - 18450
  WHERE customer_id = 207 AND balance >= 18450;
COMMIT;
```

முதல் விதியை ஒருமுறை போட்டுவைத்தால் போதும். `BEGIN` முதல் `COMMIT` வரை உள்ளது ஒரே கட்டு. முழுதும் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. இரண்டாவது கட்டளை வந்தால் `INSERT` வரியிலேயே தரவுத்தளம் அதை மறுத்துவிடும்; பற்று வரிக்குப் போகாது. அப்போது செயலிக்குப் பிழை என்று சொல்லக் கூடாது. முதல் முறை எழுதிய பதிவை எடுத்து, "பில் 412, ரூ. 18,450 பெறப்பட்டது" என்ற அதே பதிலைத் தர வேண்டும். இருப்புப் போதாமல் `UPDATE` எந்த வரியையும் மாற்றவில்லை என்றால் முழுக் கட்டையும் ரத்து செய்து, இருப்புக் குறைவு என்று சொல்ல வேண்டும். அதே எண்ணில் வேறு தொகை வந்தால் அது செயலியின் கோளாறு. ஏற்காமல் மறுக்க வேண்டும்.

பணம் வெளியிலிருந்து வரும்போது

முன்பணம் நம் தரவுத்தளத்தில் இருப்பதால் ஒரே கட்டில் முடிந்தது. அட்டை வழியாகவோ வேறு நிறுவனம் வழியாகவோ பணம் பிடித்தால், அவர்கள் கணக்கை நம் கட்டுக்குள் கொண்டுவர முடியாது. அப்போது முதலில் `pending` என்று பதிவு எழுதி முடித்துவிட வேண்டும். அதன்பின் அதே அடையாள எண்ணோடு அந்த நிறுவனத்துக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். பதில் வந்ததும் முடிந்தது என்றோ மறுக்கப்பட்டது என்றோ திருத்த வேண்டும். பதில் வராவிட்டால் `pending` என்றே விட்டு, அந்த முயற்சியின் நிலையை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் வராத ஒன்றைத் தோல்வி என்று எழுதவே கூடாது. வாடிக்கையாளருக்கும் 'சரிபார்க்கப்படுகிறது, மீண்டும் கட்ட வேண்டாம்' என்றே காட்ட வேண்டும்.

ஒரு எல்லையும் உண்டு. நிறுவனங்கள் இந்த எண்ணைக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. ஸ்ட்ரைப் 24 மணி நேரம் கடந்த எண்ணை நீக்கிவிடலாம் என்று அறிவித்துள்ளது. நீக்கிய பிறகு அதே எண்ணை அனுப்பினால் புதிய கட்டளையாகவே கொள்ளப்படும். எனவே மறுநாள் கண்ணில் படும் நிலுவைக்கு மறுபடி கட்டளை அனுப்பாமல், நிலையை விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைக்காரர் தாமே சோதிக்கும் வழி

செயலி எழுதியவரிடம், சோதனைச் சர்வரில் பற்று எழுதியபின் பதிலை மட்டும் 15 விநாடி தாமதிக்கச் சொல்லுங்கள். 10 விநாடி காத்திருக்கும் செயலி நிச்சயம் கைவிடும். மறுபடி இரண்டு முறை அழுத்துங்கள். ஒருமுறை செயலியை மூடித் திறந்தும் அழுத்துங்கள். இருப்பு ரூ. 31,550 என்று நின்றால் வேலை சரி. குறைந்தால், எண் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இதோடு தினமும் இரவு பற்றுப் பட்டியலைப் பில் எண் வரிசையில் எடுத்துப் பாருங்கள். ஒரே பில் எண் இருமுறை வந்தால், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பணம் திரும்புவது பற்றியும் ஒரு விவரம். 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யு.பி.ஐ.யில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு வணிகருக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், ஐந்து நாட்களுக்குள் பணம் தானே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ. 100 இழப்பீடு உண்டு. ஆனால் அந்த விதி முறிந்துபோன பரிமாற்றத்துக்கானது. இரண்டு முறையும் பணம் நல்லபடியாக நம் கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தால் வங்கியைப் பொறுத்தவரை இரண்டுமே வெற்றி. அது தானாகத் திரும்பாது. இரண்டாவது தொகையைப் பரிமாற்றக் குறிப்பு எண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டியது பணம் பெற்ற கடையே.