தண்ணீரின்றி ஓடும் பம்பு: மோட்டாரைக் காப்பது எது?

மாணவர்களே, 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மாசு காரணமாக மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளின் குழாய்கள் வறண்டன. இப்படிப்பட்ட நீர்த்தடையின்போது தரைத்தொட்டியும் பம்பும் உள்ள ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

குழாய்நீர் முதலில் தரைத்தொட்டியில் சேருகிறது. பம்பு அதை மாடித்தொட்டிக்கு ஏற்றுகிறது. மாடித்தொட்டியில் மிதக்கும் ஒரு சுவிட்ச், நீர் குறைந்தால் பம்பை இயக்கும், நிரம்பினால் நிறுத்தும். தரைத்தொட்டி காலியானாலும் இந்த மேல் மிதவைக்கு அது தெரியாது. மாடித்தொட்டி நிரம்பாததால் பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போது பம்புக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். சுழலும் சக்கரம் அந்த நீரைக் கலக்குவதில் வினாடிக்கு 200 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது எனவும் கொள்வோம். 1 கிலோகிராம் நீரை 1°C சூடாக்க 4200 ஜூல் தேவை. ஆகவே:

வினாடிக்கு வெப்பநிலை உயர்வு = 200 ÷ (0.5 × 4200) ≈ 0.1°C

பம்பு சரியாக இயங்கும்போது நிமிடத்திற்கு 30 லிட்டர், அதாவது வினாடிக்கு அரை லிட்டர் நீர் அதன் வழியே போகிறது. அதே 200 ஜூல் வெப்பத்தை அந்த நீர் வாங்கிக்கொண்டு, வெறும் 0.1°C மட்டுமே சூடாகி வெளியேறிவிடும். சிக்கிய நீரோ ஒவ்வொரு வினாடியும் 0.1°C சூடேறுகிறது. 30°C-இலிருந்து 100°C-ஐ எட்ட 147,000 ஜூல் போதும். 200 வாட்டில் அதற்கு ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். பம்பின் உலோக உடலும் வெப்பத்தை வாங்குவதால் இன்னும் சற்று நேரம் பிடிக்கலாம்.

முதலில் பழுதாவது மோட்டார் அல்ல, சீல். மோட்டாரின் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் நீர் கசியாமல் தடுப்பது அதுதான். அதில் கார்பன் வளையமும் பீங்கான் வளையமும் ஒன்றையொன்று உரசிச் சுழல்கின்றன. நடுவே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றுக்கு எண்ணெய்போல் உதவுகிறது. நீர் ஆவியானதும் வளையங்கள் காய்ந்து உரசிச் சூடேறும். பிறகு குளிர்ந்த நீர் திடீரென வந்தால் பீங்கான் வெடிக்கவும் கூடும். அந்த விரிசல் வழியே கசியும் நீர் மோட்டாரின் பேரிங்கை அடைந்து கிரீஸைக் கெடுக்கும். பேரிங் இறுகி மோட்டார் சுழல முடியாமல் போனால், மின்னோட்டம் மிகுந்து கம்பிச்சுருள் கருகும்.

மோட்டாரில் மிகைச்சுமைப் பாதுகாப்பு இருக்குமே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். அது மின்னோட்டம் அதிகமானால்தான் துண்டிக்கும். நீர் ஏற்றாத பம்புக்குச் சுமை குறைவு. மின்னோட்டமும் வழக்கத்தைவிடக் குறையும். அதனால் அது செயல்படாது.

எனவே தரைத்தொட்டியிலும் ஒரு மிதவை சுவிட்ச் தேவை. அது மேல் மிதவையுடன் தொடராக இணைக்கப்படும். மேலே நீர் குறைந்திருக்க வேண்டும், கீழே போதிய நீரும் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையானால்தான் பம்பு ஓடும்.

கீழ் மிதவை பம்பை நிறுத்தும் மட்டம் உறிஞ்சுகுழாயின் வாய்க்கு மேலே இருக்க வேண்டும். நீர் அந்த வாய்க்கு அருகே இறங்கினால் சுழல் உண்டாகிக் காற்று உள்ளே போகும். நிறுத்தும் மட்டத்திற்கும் மீண்டும் தொடங்கும் மட்டத்திற்கும் இடையே இடைவெளியும் வேண்டும். தொட்டியின் அடிப்பரப்பு 1 சதுர மீட்டர், நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் மெதுவாக வருகிறது என்போம். இடைவெளி 2 செ.மீ. என்றால் அதில் அடங்குவது 20 லிட்டர். அது நிரம்ப 2 நிமிடமும், பம்பு அதை இறைக்க 1 நிமிடமும் ஆகும். அதாவது மணிக்கு 20 முறை பம்பு தொடங்கும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சூடாகும். இடைவெளியை 20 செ.மீ. ஆக்கினால் மணிக்கு இரண்டு முறை மட்டுமே தொடங்கும்.

கீழ் மிதவைக்கும் ஓர் எல்லை உண்டு. தொட்டியில் நீர் இருந்தும் உறிஞ்சுகுழாயின் வால்வு மூடியிருந்தாலோ, குழாயில் காற்று புகுந்தாலோ அது அறியாது. அதற்கு, நீர் உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்கும் ஓட்ட சுவிட்ச் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பம்பு ஓடும் சத்தம் கேட்டும் மாடித்தொட்டியில் நீர் விழும் சத்தம் கேட்கவில்லையா? பம்பின் பக்கத்தில் வெப்பம் தெரிகிறதா? பம்பைத் தொட வேண்டாம்; பெரியவரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மிதவையைப் பொருத்தும் வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளருடையது.