42-ம் 74-ம்: தம்பிக்கு ஒரு இசட் ஸ்கோர் கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பின மெசேஜைப் படிச்சேன். "கணக்குல 42, சி புரோகிராமிங்ல 74. அதனால சி-யை இனிமே தொடப் போறதில்ல, செமஸ்டர் வரைக்கும் கணக்கு மட்டும்தான்"னு எழுதியிருக்க. கையில இருக்கிறது மூணு வாரம். அதை எப்படிப் பிரிக்கிறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இந்த ரெண்டு மார்க்கையும் ஒரு தடவை ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்த்துடலாம். போன்ல சொன்னா பாதி மனசுல நிக்காது, அதான் எழுதுறேன். பேனாவும் பேப்பரும் எடுத்து வச்சுக்கோ.

சனிக்கிழமை நம்மகிட்ட படிக்க வர்ற எட்டுப் பேரோட இன்டர்னல் மார்க்கை, பேர் இல்லாம கீழே தர்றேன். ரெண்டு தேர்வும் நூற்றுக்கு.

கணக்கு: 68, 62, 52, 52, 42, 40, 38, 30
சி: 86, 84, 84, 80, 78, 78, 76, 74

முதல்ல சராசரி. கணக்குல மொத்தம் 384, எட்டால வகுத்தா 48. சி-யில மொத்தம் 640, சராசரி 80. இப்போ உன் மார்க்கைப் பார். கணக்குல நீ சராசரிக்கு 6 மார்க் கீழ. சி-யிலயும் அதே 6 மார்க் கீழதான். 42-க்கும் 74-க்கும் நடுவுல இருந்த 32 மார்க் வித்தியாசம் எங்க போச்சு? அது உன்னோட வித்தியாசமே இல்ல. கணக்குப் பேப்பர் எல்லாருக்கும் கஷ்டமா இருந்தது, சி பேப்பர் எல்லாருக்கும் சுலபமா இருந்தது, அவ்வளவுதான்.

அப்போ ரெண்டுலயும் நீ ஒரே நிலையில இருக்கியான்னு கேட்டா, இல்ல. இங்கதான் நிறைய பேர் நின்னுடறாங்க. மேலே இருக்கிற ரெண்டு வரிசையையும் திரும்பப் பார். கணக்குல மார்க் 30-லேருந்து 68 வரைக்கும் சிதறிக் கிடக்கு. அங்க 6 மார்க் கீழ இருக்கிறது பெரிய விஷயமில்ல. சி-யில எல்லாரும் 74-க்கும் 86-க்கும் நடுவுல நெருக்கி உட்கார்ந்திருக்காங்க. அந்த நெருக்கத்துல 6 மார்க் பின்தங்கறது ரொம்ப தூரம். அந்தச் சிதறலை அளக்கிறதுதான் பத்தாம் வகுப்புப் புத்தகத்துல படிச்ச திட்ட விலக்கம்.

கணக்குக்குக் கையால போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு மார்க்கிலேருந்தும் 48-ஐக் கழி: 20, 14, 4, 4, −6, −8, −10, −18. இதைக் கூட்டினா பூஜ்யம் வரணும். வரலைன்னா சராசரியிலயோ கழித்தல்லயோ எங்கயோ தப்பு, மேல போகாத. அடுத்து ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணு: 400, 196, 16, 16, 36, 64, 100, 324. கூட்டினா 1152. எட்டால வகுத்தா 144, அதோட வர்க்கமூலம் 12. சி-க்கு இதையே நீ போட்டுப் பார். வர்க்கங்களோட கூட்டுத்தொகை 128, வகுத்தா 16, திட்ட விலக்கம் 4 வரணும்.

இசட் ஸ்கோர் இந்த ரெண்டையும் சேர்க்குது. சராசரியிலேருந்து நீ எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கங்கறதுதான் அது:

```
z = (x − μ) / σ
```

கணக்கு: (42 − 48) / 12 = −0.5
சி: (74 − 80) / 4 = −1.5

கழிக்கும்போது எப்பவும் உன் மார்க் முதல்ல, சராசரி ரெண்டாவது. மாத்திப் போட்டா குறி தலைகீழாகி, கீழ இருக்கிறவன் மேல போயிடுவான். இன்னொரு வழக்கமான தப்பு, 12-க்குப் பதிலா 144-ஆல வகுக்கிறது. வர்க்கமூலம் எடுக்க மறந்துடறாங்க.

−1.5-ங்கறது எவ்வளவு கீழன்னு உனக்கு உறைக்கணும்னா அதைக் கணக்குத் தேர்வுக்கு மாத்திப் பார். 48-லேருந்து பன்னிரண்டோட ஒன்றரை மடங்கைக் கழிச்சா 30. அதாவது சி-யில நீ எடுத்த 74, கணக்குல 30 எடுத்ததுக்குச் சமம். கணக்குல 30 எடுத்திருந்தா பதறியிருப்ப. 74-ங்கற எண் பார்க்க நல்லா இருந்ததால பதறல. உன் கணக்கு 42-ஐ அதே மாதிரி சி-க்கு மாத்தினா 78 வரும்.

இப்போ இந்த எண்ணை எதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னும் சொல்லிடறேன், இல்லைன்னா "கணக்கு பரவாயில்ல போல"ன்னு அந்தப் பக்கம் சாஞ்சிடுவ. பாஸ் மார்க் 50. அது இசட் ஸ்கோரைப் பார்க்காது. எட்டுப் பேருக்கும் பேப்பர் கஷ்டமா இருந்ததுங்கறதுக்காக 42 பாஸ் ஆயிடாது. கணக்குக்கு நேரம் வேணும், ஏன்னா நீ 50-க்குக் கீழ இருக்க. சி-க்கும் நேரம் வேணும், ஏன்னா கூட படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு உனக்குத் தெரியல. இது ரெண்டும் வேற வேற காரணம். நீ முதல் காரணத்தை மட்டும்தான் பார்த்திருக்க.

கிளாஸ் முழுசுக்கும் மார்க் கிடைச்சா நீயே எக்செல்ல போட்டுப் பார். மார்க் A2-லேருந்து A9 வரை இருந்தா:

```
=(A2-AVERAGE(A$2:A$9))/STDEV.P(A$2:A$9)
```

STDEV.S-னு இன்னொண்ணு இருக்கு, அது எட்டுக்குப் பதில் ஏழால வகுக்கும். அதைப் போட்டா −0.47, −1.40-னு வரும். முடிவு மாறாது, ஆனா ஒரு பாடத்துக்கு ஒண்ணு, இன்னொரு பாடத்துக்கு இன்னொண்ணுன்னு கலக்காத. நம்ம கையில இருக்கிறது மொத்தக் குழுவோட மார்க், அதனால STDEV.P போதும்.

உண்மையில ஆபத்து வேற இடத்துல இருக்கு. மார்க் ஷீட்ல தேர்வுக்கு வராதவங்களுக்கு சிலர் 0-னு போட்டு வச்சிருப்பாங்க. சி வரிசையில அந்த 80-க்குப் பதிலா 0 இருக்குன்னு வச்சுக்கோ. சராசரி 70-க்கு இறங்கிடும், திட்ட விலக்கம் 4-லேருந்து கிட்டத்தட்ட 26.8-க்கு ஏறிடும், உன் இசட் ஸ்கோர் +0.15 ஆயிடும். நீ எழுதின ஒரு எழுத்துகூட மாறல, ஆனா ஒரே ஒரு தப்பான பூஜ்யம் தேர்வு எழுதினவங்கள்ல கடைசி ஆளைச் சராசரிக்கு மேல தூக்கிடுச்சு. அதனால சூத்திரம் போடறதுக்கு முன்னாடி வரிசையைப் பெரிசுலேருந்து சிறிசா அடுக்கி, கடைசி ரெண்டு மூணு எண்ணைக் கண்ணால பார். திட்ட விலக்கம் 26-னு வந்தும் ஒருத்தரைத் தவிர மீதி எல்லாரும் 12 மார்க் இடைவெளிக்குள்ள இருந்தாங்கன்னா, அங்கதான் கோளாறு.

அதே மாதிரி, ரெண்டு தேர்வையும் அதே ஆட்கள் எழுதியிருக்கணும். டாப்பர்ஸ் மட்டும் எழுதின ஒரு டெஸ்ட்ல வந்த −0.5-ஐயும் கிளாஸ் முழுக்க எழுதின டெஸ்ட்ல வந்த −0.5-ஐயும் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியாது. எட்டுப் பேரோட மார்க்கை வச்சு நார்மல் டேபிள்ல "நான் எத்தனை சதவீதம் பேருக்கு மேல"ன்னு தேடறதும் வேணாம். எட்டுப் பேர்ல உன் இடம் எதுன்னு எண்ணினாலே தெரிஞ்சிடும்: கணக்குல அஞ்சாவது, சி-யில எட்டாவது.

வியாழக்கிழமை லேப் முடிஞ்சதும் சி விடைத்தாளை எடுத்துட்டு வா. நீ விட்ட 26 மார்க்ல மத்தவங்களும் விட்டது எது, நீ மட்டும் விட்டது எதுன்னு கேள்வி வாரியா பிரிச்சு எழுதுவோம். பாயின்டர் கேள்வின்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, தாளைப் பார்த்துட்டுச் சொல்றேன். கணக்குக்கு நீ போட்டு வச்சிருக்கிற மூணு மணி நேரத்துல ஒரு மணி நேரத்தை மட்டும் இப்போதைக்கு அதுக்குக் கடன் கொடு.

இப்படிக்கு,
உன் டியூட்டர் அக்கா