நடப்பவரும் சுழல்மேடையும்

கற்றல் நோக்கங்கள்

இப்பாடப்பகுதியைக் கற்றபின் மாணவர்கள்,
- தடையின்றிச் சுழலும் மேடையின் விளிம்பில் ஒருவர் நடக்கும்போது மேடை எதிர்த்திசையில் சுழல்வதற்கான காரணத்தை விளக்குவர்.
- தரையைச் சார்ந்த கோணத் திசைவேகத்தையும் மேடையைச் சார்ந்த கோணத் திசைவேகத்தையும் வேறுபடுத்திக் கணக்கிடுவர்.
- மேடை சுழலும் கோணம் எவற்றைச் சார்ந்தது, எவற்றைச் சார்ந்ததன்று என்பதைக் கூறுவர்.

1. அமைப்பு

கிடைத்தளத்தில் அமைந்த ஒரு வட்ட மேடை, தன் மையத்தின் வழியே செல்லும் செங்குத்து அச்சைப் பற்றிச் சுழலுமாறு பொருத்தப்பட்டுள்ளது. அச்சைத் தாங்கும் பால் பேரிங்கில் உராய்வு புறக்கணிக்கத்தக்கது எனக் கொள்க. பூங்காக்களில் சிறுவர்கள் கையால் தள்ளிச் சுற்றிவிடும் ராட்டினம் ஏறத்தாழ இத்தகைய அமைப்பே ஆகும்.

மேடையும் அதன் விளிம்பில் நிற்கும் ஒருவரும் தொடக்கத்தில் ஓய்வில் உள்ளனர். அவர் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக விளிம்பின் வழியே நடக்கத் தொடங்குகிறார். அவர் முதல் அடியை எடுத்து வைத்த உடனேயே மேடை வலஞ்சுழியாகச் சுழலத் தொடங்குகிறது. அவர் விரைந்து நடந்தால் மேடை விரைந்து சுழல்கிறது. அவர் நின்றால் மேடையும் நின்றுவிடுகிறது. அவர் திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் மேடையும் தன் திசையை மாற்றிக்கொள்கிறது.

2. காரணம்

நடப்பவர் முன்னேற வேண்டுமெனில் அவர்மீது முன்னோக்கி ஒரு விசை செயல்பட வேண்டும். அவர் தம் பாதத்தால் மேடையைப் பின்னோக்கித் தள்ளுகிறார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, மேடை உராய்வின் வழியே அவரை அதே அளவு விசையுடன் முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் அச்சிலிருந்து ஒரே தொலைவில் செயல்படுகின்றன. எனவே, அச்சைப் பற்றி அவை உருவாக்கும் திருப்பு விசைகள் எண்ணளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் அமைகின்றன. நடப்பவர் ஒரு திசையில் பெறும் கோண உந்தத்தை மேடை எதிர்த்திசையில் பெறுகிறது. மொத்தக் கோண உந்தம் தொடக்கத்தில் இருந்தவாறே சுழியாக நீடிக்கிறது.

இங்கு நேர்க்கோட்டு உந்தம் ஏன் மாறாமல் இருப்பதில்லை என்னும் வினா எழலாம். மேடையின் அச்சு தரையில் ஊன்றப்பட்டுள்ளது. நடப்பவர் திசை மாறிக்கொண்டே வட்டத்தில் செல்கையில், அச்சின் வழியே தரை மேடையின்மீது விசையைச் செலுத்துகிறது. ஆகவே மேடையும் நடப்பவரும் அடங்கிய அமைப்பின்மீது புறவிசை உண்டு. ஆனால், அவ்விசை அச்சிலேயே செயல்படுவதால் அச்சைப் பற்றிய அதன் திருப்பு விசை சுழியாகும். எனவே, மாறாதிருப்பது செங்குத்து அச்சைப் பற்றிய கோண உந்தம் மட்டுமே.

மற்றொன்றையும் கருதுக. நடப்பவர் சீரான வேகத்தை அடைந்தபின் அவரை வட்டப்பாதையில் வைத்திருக்க மையநோக்கு விசை தேவை. அதையும் பாதத்தின் உராய்வே அளிக்கிறது. அவ்விசை மையத்தை நோக்கியதாகையால் அது மேடையின் சுழற்சியை மாற்றுவதில்லை. நடப்பவரின் வேகம் மாறும்போது மட்டுமே, அதாவது அவர் புறப்படும்போதும் நிற்கும்போதும், தொடுகோட்டுத் திசையில் நிகர உராய்வு விசை செயல்படுகிறது.

3. சமன்பாடு

நடப்பவரின் நிறை m, மேடையின் ஆரம் R, மேடையின் நிலைமத் திருப்புத்திறன் I என்க. மேடையைச் சார்ந்து நடப்பவரின் கோணத் திசைவேகம் ω என்க. தரையைச் சார்ந்து மேடை எதிர்த்திசையில் Ω என்னும் கோணத் திசைவேகத்துடன் சுழல்வதாகக் கொள்க.

நடப்பவரை மேடை பின்னோக்கிச் சுமந்து செல்கிறது. ஆதலால் தரையைச் சார்ந்து அவருடைய கோணத் திசைவேகம் ω − Ω ஆகும். மொத்தக் கோண உந்தம் சுழி என்பதால்,

mR²(ω − Ω) = IΩ

Ω = ω × mR² / (I + mR²)

மாணவர்கள் பெரிதும் பிழை செய்யும் இடம் இதுவே. நடப்பவரின் கோண உந்தத்தை mR²ω என எழுதுவது தவறு. கோண உந்த மாறா விதியை இங்குத் தரையைச் சார்ந்தே எழுத வேண்டும். சுழலும் மேடையைச் சார்ந்து அளந்த ω என்னும் மதிப்பை, தரையைச் சார்ந்த மதிப்பாக மாற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மேடை சீரான வட்டத் தட்டு எனில், I = MR²/2. இங்கு M என்பது மேடையின் நிறை. இதைப் பிரதியிட்டால்,

Ω = ω × 2m / (M + 2m)

இதில் ஆரம் நீங்கிவிடுவதைக் காண்க. Ω, ω ஆகியவற்றின் தகவு நிறைகளை மட்டுமே சார்ந்துள்ளது. நடப்பவரின் வேகம் எந்த நொடியில் எவ்வளவாயினும் இத்தகவு மாறாது. எனவே, அவர் மெதுவாக நடந்தாலும், ஓடினாலும், இடையிடையே நின்றாலும், மேடையின்மீது ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது மேடை சுழன்றிருக்கும் கோணம் ஒன்றே.

4. எடுத்துக்காட்டுக் கணக்கு

200 கிலோகிராம் நிறையும் 2 மீட்டர் ஆரமும் கொண்ட சீரான வட்ட மேடை ஓய்வில் உள்ளது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அதன் விளிம்பில், மேடையைச் சார்ந்து நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கிறார். (அ) மேடையின் கோணத் திசைவேகம் யாது? (ஆ) அவர் மேடையில் தாம் புறப்பட்ட குறியீட்டை மீண்டும் அடையும்போது மேடை எவ்வளவு சுழன்றிருக்கும்? (இ) தரையைச் சார்ந்து புறப்பட்ட இடத்திற்கே அவர் வர, மேடையில் எத்தனை சுற்றுகள் நடக்க வேண்டும்?

தீர்வு

(அ) மேடையைச் சார்ந்த கோணத் திசைவேகம், ω = 1/2 = 0.5 ரேடியன்/நொடி.

Ω = 0.5 × 100/300 = 1/6 ரேடியன்/நொடி

மேடையின் விளிம்பு நொடிக்கு 1/3 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிச் செல்கிறது. தரையில் நின்று பார்ப்பவருக்கு, நடப்பவரின் வேகம் நொடிக்கு 1 − 1/3 = 2/3 மீட்டர் மட்டுமே.

விடையைச் சரிபார்க்கலாம். நடப்பவரின் கோண உந்தம் 50 × 2/3 × 2 = 66.7 அலகுகள். மேடையின் நிலைமத் திருப்புத்திறன் 400 ஆகையால், அதன் கோண உந்தம் 400 × 1/6 = 66.7 அலகுகள். இரண்டும் சமம், திசைகள் எதிரெதிர்.

(ஆ) மேடையைச் சார்ந்து நடப்பவர் 360° கடக்கிறார். மேடை எதிர்த்திசையில் 360° × 1/3 = 120° சுழன்றிருக்கும். தரையைச் சார்ந்து அவர் முன்னேறியது 240° மட்டுமே.

(இ) மேடையில் ஒரு சுற்று முடித்தால் தரையைச் சார்ந்து 240° கிடைக்கிறது. எனவே 360° பெற, 360/240 = 1.5 சுற்றுகள் நடக்க வேண்டும். அப்போது மேடை எதிர்த்திசையில் 180° சுழன்றிருக்கும்.

5. சுழி கோண உந்தத்துடன் திரும்புதல்

மேற்கண்ட கணக்கின் (ஆ) பகுதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நடப்பவர் மேடையில் புறப்பட்ட குறியீட்டிற்கே வந்து நின்றுவிட்டார். மேடையும் நின்றுவிட்டது. மொத்தக் கோண உந்தம் எக்கணத்திலும் சுழியாகவே இருந்தது. ஆயினும், அவரும் மேடையும் அடங்கிய முழு அமைப்பும் 120° திரும்பி நிற்கிறது!

நேர்க்கோட்டு இயக்கத்தில் இவ்வாறு நிகழ்வதில்லை. அசைவற்ற நீரில் மிதக்கும் படகில், நீரின் தடையைப் புறக்கணித்தால், ஒருவர் முன்னே நடந்து மீண்டும் பழைய இடத்திற்கே வரும்போது படகும் தன் பழைய இடத்திற்கு வந்துவிடும். படகில் பழைய இடத்தை அடைய அவர் வந்த வழியே பின்னே திரும்ப வேண்டும். வட்டத்திலோ, திரும்பாமல் முன்னேறியே புறப்பட்ட இடத்தை அடையலாம். வேறுபாட்டிற்கு இதுவே காரணம்.

தலைகீழாக விழும் பூனை, பற்றிக்கொள்ள எதுவுமின்றி நடுவானில் உடலைத் திருப்பிக் கால்களை ஊன்றுவதும் இவ்வகையைச் சார்ந்ததே. பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே 1894-இல் அதனைத் தொடர் ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார். 1990-இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் இம்முறையாலேயே திரும்புகிறது. அதனுள் உள்ள சக்கரங்களை மோட்டார்கள் ஒரு திசையில் முடுக்க, தொலைநோக்கி எதிர்த்திசையில் மெல்லத் திரும்புகிறது. சக்கரம் நடப்பவரின் இடத்தையும், தொலைநோக்கி மேடையின் இடத்தையும் பெறுகின்றன.

6. நடைமுறையில் தோன்றும் வேறுபாடுகள்

உண்மையான மேடையில் இச்சோதனையைச் செய்யும்போது இரு குறைகள் தோன்றலாம். அவற்றை மேடையின் இயக்கத்தைக் கொண்டே அறியலாம்.

முதலாவது, பேரிங்கின் உராய்வு. மேடை பின்னோக்கிச் சுழலும்போது பேரிங்கின் உராய்வு அதை முன்னோக்கி இழுக்கிறது. இது புறத் திருப்பு விசை ஆகும். இதனால் அமைப்பு, நடப்பவர் செல்லும் திசையில் சிறிதளவு கோண உந்தத்தைப் பெறுகிறது. நடப்பவர் நின்றவுடன் மேடை நிற்பதற்கு மாறாக, அவரையும் சுமந்துகொண்டு அவர் நடந்த திசையிலேயே மெதுவாகச் சுழன்று, பின்னர் ஓய்வடைகிறது. நடப்பவர் நின்றபின் மேடை இவ்வாறு சுழன்றால், பேரிங்கில் உராய்வு மிகுதி என அறியலாம்.

இரண்டாவது, அச்சின் சாய்வு. மேடை கிடைத்தளத்தில் இல்லையெனில், நடப்பவரின் எடை அச்சைப் பற்றித் திருப்பு விசையை உருவாக்கும். இதை நடப்பதற்கு முன்பே கண்டறியலாம். விளிம்பில் ஒருவர் அசையாமல் நிற்கும்போதே மேடை தானாகச் சுழன்று அவரைத் தாழ்ந்த பக்கத்திற்குக் கொண்டு சென்றால், அச்சு சாய்ந்துள்ளது.

மதிப்பீடு

1. எடுத்துக்காட்டில் கண்ட மேடையின் மையத்திலிருந்து 1 மீட்டர் தொலைவில் அதே நபர் ஒரு முழுச் சுற்று நடந்தால், மேடை எவ்வளவு சுழலும்? (விடை: 40°)

2. மேடையின் நிறை நடப்பவரின் நிறையைவிட மிக மிகக் குறைவு எனில், தரையில் நின்று பார்ப்பவருக்கு அவருடைய இயக்கம் எவ்வாறு தோன்றும்? காரணம் கூறுக.

3. சம நிறையுள்ள இருவர் விளிம்பில் எதிரெதிர்ப் புள்ளிகளில் நின்று, ஒருவர் இடஞ்சுழியாகவும் மற்றவர் வலஞ்சுழியாகவும் சம வேகத்தில் நடக்கின்றனர். மேடை சுழலுமா? கோண உந்த மாறா விதியைக் கொண்டு விளக்குக.