உருகுநிலையும் தூய்மையும்

பளிங்குகள் வெண்மையாய் மின்னுவது கொண்டு அவை தூயன என்று துணிதல் பொருந்தாது. சேதனச் சேர்வையொன்றை மீளப் பளிங்காக்கிய மாணவன், தன் முயற்சி பலித்ததா என்பதை அறிய அதன் உருகுநிலையையே முதலில் நோக்குவான். அந்நோக்கு எவ்வளவு கூறும், எங்கே நின்றுவிடும் என்பதை எமது ஆய்கூடத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குவாம்.

மாணவனொருவன் பென்சல்டிகைட்டிலிருந்து சின்னமிக்கமிலத்தை ஆக்கினான். தூய சின்னமிக்கமிலம் 133 பாகை சதமளவையில் உருகும். அவன் பெற்ற பளிங்குகளோ 118 பாகையில் ஈரங்கண்டு, 127 பாகையிலேயே முற்றும் தெளிந்தன. பென்சல்டிகைட்டுப் போத்தல் பழையது. நாட்பட வளிபட்ட பென்சல்டிகைட்டில் பென்சோயிக்கமிலம் தோன்றும். அதுவே விளைவினுட் கலந்திருத்தல் கூடும் என எண்ணினோம்.

மாசு கலந்தால் உருகுநிலை தாழ்வது ஏன்? பளிங்கு உருகித் தோன்றும் திரவத்தில் மாசும் கரைந்து நிற்கும். அத்தகைய திரவத்தோடு பளிங்கு சமநிலையில் இருப்பது தாழ்ந்த வெப்பநிலையிலேயே இயலும். உருகுதல் தொடரத் தொடரத் திரவத்தில் மாசின் செறிவு குறையும். அதனால் எஞ்சிய பளிங்கு உருக மேலும் வெப்பநிலை உயரவேண்டும். ஆகவே மாசுற்ற பொருள் தாழ்ந்து உருகுவதோடு, நீண்ட இடைவெளியிலும் உருகுகின்றது. இதனால் உருகுநிலையை ஓர் எண்ணாக அன்றி, தொடக்கமும் முடிவுமாகிய இரண்டு எண்களாகவே குறித்தல் வேண்டும்.

மாணவன் பளிங்குகளைக் கொதிநீரிற் கரைத்து, சூட்டோடு வடித்து, மெல்ல ஆறவிட்டு, மீண்டும் பளிங்காக்கினான். வடித்தெடுத்தவற்றை உடனே சோதிக்க விரைந்தவனைத் தடுத்தோம். எஞ்சிய நீரும் ஒரு மாசே. நன்கு உலராத பளிங்கு பொய்யான எண்ணைத் தரும். உலர்ந்த பின் அதனைத் தூளாக்கி, ஒருமுனை மூடிய நுண்குழாயில் மூன்று மில்லிமீற்றர் உயரத்திற்குத் தட்டி இறுக்கினான். அக்குழாயை வெப்பமானியின் குமிழோடு ஒட்டி நிற்குமாறு இறப்பர் வளையத்தாற் பிணைத்து, திரவப் பரபின் நிறைந்த தீலே குழாயில் இறக்கினான். எதிர்பார்க்கும் நிலைக்குப் பதினைந்து பாகை கீழ்வரை விரைந்து சூடாக்கலாம். அதன்பின் நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு பாகைக்கு மேல் ஏறவிடலாகாது. விரைந்து சூடாக்கின் குளியலும் தூளும் வெப்பமானியும் ஒரே வெப்பநிலையில் இரா. ஒருமுறை உருகிய குழாயை மீண்டும் பயன்படுத்தலும் தகாது.

இம்முறை 130 முதல் 131 வரை உருகிற்று. இடைவெளி குறுகியமை நற்குறி. எனினும் 133 வரவில்லையே என மாணவன் மனந்தளர்ந்தான். பிறிதொரு மாணவன், "133 பாகையில் உருகுவது சின்னமிக்கமிலம் மட்டுந்தானா, ஐயா? யூரியாவும் அங்கேதானே உருகுகின்றது?" என்று வினவினான். இரண்டு ஐயங்களும் நியாயமானவை. இரண்டையும் கலப்புருகுநிலையே தீர்த்தது.

மூன்று நுண்குழாய்களை எடுத்தோம். ஒன்றில் மாணவனின் பளிங்கு. மற்றொன்றில் போத்தலிலிருந்த தூய சின்னமிக்கமிலம். மூன்றாவதில் இவ்விரண்டும் சமபங்காக நன்கு அரைத்துக் கலந்த தூள். மூன்றையும் ஒரே வெப்பமானியிற் பிணைத்துச் சூடாக்கினோம். மூன்றும் 130க்கும் 131க்கும் இடையில் ஒருங்கே உருகின. தூய அமிலமும் அவ்விடத்திலேயே உருகியமையால், இரண்டு பாகைக் குறை வெப்பமானியினது என்பதும் மாணவனது அன்று என்பதும் புலனாயின. பின்னர் அவனது பளிங்கை யூரியாவோடு கலந்து சூடாக்கினோம். தனித்தனியே 133 பாகையில் உருகும் அவ்விரண்டும், கலந்த நிலையில் 115 பாகையை எட்டுமுன்னரே ஈரங்கண்டன. ஒன்றுக்கொன்று மாசாக நின்று தாழ்த்தின என்பதே இதன் பொருள்.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. உருகுநிலை தாழின் இரண்டும் வேறுவேறு பொருள்கள் எனத் துணியலாம். தாழாவிடின் ஒரே பொருள் என்பதற்கு அது வலிய சான்றாகும். ஆயினும் ஒரே பளிங்கினுட் கலந்தமையும் சில சோடிகள் தாழாது நிற்கும். மேலும், கலவையொன்று அதன் மிகத்தாழ்ந்த உருகுநிலைக்குரிய விகிதத்தில் அமையின், தூயபொருள் போலவே கூர்மையாக உருகி ஏமாற்றும். அதனை அறிய வழி, மீண்டும் ஒருமுறை பளிங்காக்குவதே. தூய பொருளின் எண் மாறாது. கலவையின் எண் பெயரும்.

அம்மாணவன் தன் குறிப்பேட்டில் 133 என்று திருத்தி எழுதாது, கண்டவாறே 130–131 என எழுதி, அருகே தூய அமிலத்தின் எண்ணையும் குறித்தான். அக்குறிப்பையே நாம் ஏற்றோம்.