மச்சமா? தூசியா?
(36 படங்களில் ஒரே இடத்தில் வந்த புள்ளியின் கதை)



பிரிவு உபசார ஆல்பத்துக்காக நம் வகுப்பு மாமல்லபுரம் போய்ப் படம் எடுத்து வந்தது உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், கடற்கரைக் கோயில் பின்னணியில் தெரிய 18 பேருக்கும் ஆளுக்கு இரண்டு படம் எடுத்தோம். ஆக 36 படங்கள். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எல்லாருடைய படத்திலும் வானத்தில் இடது மேல் பக்கம் ஒரு சாம்பல் நிறப் புள்ளி! "காக்கா பறக்குதுடா" என்றான் ஒருவன். 36 படத்திலும் ஒரே இடத்தில் நிற்கிற காக்கா உலகத்தில் கிடையாது. அது காமிராவுக்குள் போன தூசி.

அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படி நீக்கினோம், நடுவில் எப்படி ஒரு பெரிய தப்புப் பண்ணினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் ஒரே இடம்?

பழைய ஃபிலிம் காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் நகர்ந்து புதிய பகுதி வரும். ஃபிலிமில் ஒரு தூசி ஒட்டினால் அந்த ஒரு படத்தோடு சரி. டிஜிட்டல் காமிராவில் ஃபிலிமுக்குப் பதில் சென்சார். அது நகராது. அதற்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. தூசி உட்காருவது அந்தக் கண்ணாடி மேல்தான். அதன் நிழல் சென்சாரில் விழுகிறது. முதல் படத்தில் எங்கே விழுந்ததோ, கடைசிப் படத்திலும் அங்கேதான் விழும்.

எங்கள் தூசி எப்போது வந்தது என்றும் தெரிந்துவிட்டது. முதலில் எடுத்த 9 குழுப் படங்களில் புள்ளியே இல்லை. பத்தாவது படத்துக்கு முன்னால், மணலில் நின்றுகொண்டே, கடல் காற்று அடிக்கும்போது லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டினோம். அந்த அரை நிமிடம் போதும்!

"லென்ஸில் இருக்கிற தூசியாக இருக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் தூசி பெரும்பாலும் படத்தில் புள்ளியாகவே தெரியாது. அது சென்சாரிலிருந்து வெகு தூரம். சந்தேகம் இருந்தால் லென்ஸை மாற்றிப் பாருங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் தூசி சென்சார் பக்கம்தான்.

சில படத்தில் மட்டும் ஏன் மறைகிறது?

அன்றைக்கே கிருஷ்ண மண்டபத்து நிழலில் எடுத்த 3 படங்களில் புள்ளி தெரியவில்லை. தூசி கீழே விழுந்துவிட்டதா? இல்லை. அங்கே வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸின் துளையை f/4 என்று பெரிதாகத் திறந்திருந்தோம். கடற்கரையில் முகமும் தெளிவாக வேண்டும், கோயிலும் தெளிவாக வேண்டும் என்று f/16 வைத்தோம். அது சின்னத் துளை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தூசிக்கும் சென்சாருக்கும் இடைவெளி 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூசியின் நிழல் எவ்வளவு பரவிக் கலங்கும் என்பது, அந்த இடைவெளியை f எண்ணால் வகுத்தால் சுமாராகக் கிடைக்கும். f/16-ல் 1/16, அதாவது 0.06 மி.மீ. f/4-ல் 1/4, அதாவது 0.25 மி.மீ. நான்கு மடங்கு அகலம் என்றால் பதினாறு மடங்கு பரப்பு. அதே நிழலைப் பதினாறு மடங்கு இடத்தில் பரப்பினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுத்துவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் கையைச் சுவருக்கு அருகே வைத்தால் நிழல் தெளிவாக விழும், தள்ளி வைத்தால் கலங்கும் இல்லையா? அதே கதைதான்.

எத்தனை தூசி என்று எண்ணுவது எப்படி?

முகமும் கோயிலும் இருக்கிற படத்தில் தேடினால் பாதி தூசி ஒளிந்துகொள்ளும். அதனால் தனியாக ஒரு சோதனைப் படம் எடுக்க வேண்டும். துளையை f/22 வையுங்கள். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ, வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். (சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.) நாங்கள் கொளவாய் ஏரிக் கரையில் நின்று வானத்தை எடுத்தோம். சுவரில் இருக்கிற அழுக்கு கலங்கிப் போகும், தூசி மட்டும் நிற்கும்.

எங்களுக்கு மூன்று புள்ளிகள் கிடைத்தன. முதல் புள்ளி இடது மேல் மூலைப் பக்கம். இரண்டாவது வலது மேல் பக்கம். மூன்றாவதுதான் வில்லன். படத்தின் நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கத்தில், சரியாக முகம் வருகிற இடத்தில்!

நீக்கிய விதம்

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் செய்தோம். அதில் `retouch` என்ற பகுதி இருக்கிறது. புள்ளியின் மேல் ஒரு வட்டம் போட்டால், பக்கத்தில் இன்னொரு வட்டம் வரும். அந்த இரண்டாவது வட்டத்திலிருந்து தோலையோ வானத்தையோ எடுத்து முதல் வட்டத்தில் ஒட்டுப் போடும். கிழிந்த சட்டைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுகிற மாதிரி. ஒட்டு தெரியாமல் நிறத்தைச் சேர்த்துவிட `heal` என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு படத்தில் செய்ததை மற்றப் படங்களுக்கும் நகல் எடுக்கலாம். `selective copy` கொடுத்து, `retouch` ஒன்றை மட்டும் டிக் செய்து, மற்றப் படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து ஒட்டினால் ஒரே நொடியில் வேலை முடிந்தது. தூசி ஒரே இடத்தில் நிற்கிறது அல்லவா? அந்தக் கெட்ட குணமே இங்கே நமக்கு உதவி!

நாங்களும் சந்தோஷமாக மூன்று புள்ளிகளையும் முதல் படத்தில் நீக்கி, மீதி 35 படத்துக்கும் ஒட்டிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம்.

"என் மச்சம் எங்கடா?"

மறுநாள் ஒரு தோழி தன் படத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "டேய், என் மச்சம் எங்கடா?" என்றாள். அவளுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு. மூன்றாவது தூசி அந்த மச்சத்துக்கு ஒட்டினாற்போல விழுந்திருந்தது. எங்கள் வட்டம் தூசியோடு மச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. "என் டி.சி.யில அங்க அடையாளம்னு போடறதே அந்த மச்சத்ததான். அது இல்லாட்டி இது வேற யாரோ" என்றாள். எங்களால் பதில் பேச முடியவில்லை.

அப்புறம்தான் மற்றப் படங்களையும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் புள்ளி 36 படத்திலும் வானத்தில்தான் இருந்தது. அங்கே ஒட்டு கச்சிதம். இரண்டாவது புள்ளி 29 படத்தில் வானம். மீதி 7 படத்தில் கோயில் விமானத்தின் ஓரத்தில் விழுந்து, கல் இருக்க வேண்டிய இடத்தில் வானம் ஒட்டியிருந்தது. மூன்றாவது புள்ளியில்தான் மானமே போனது. 21 படத்தில் அது கன்னத்திலோ நெற்றியிலோ விழுந்தது. 9 படத்தில் தலைமுடியில். 6 படத்தில் பின்னணியில். ஒட்டு எடுக்கிற வட்டமும் எல்லாப் படத்திலும் ஒரே தூரத்தில் இருப்பதால், ஒருவன் கன்னத்தில் அவன் புருவமே கொஞ்சம் முளைத்திருந்தது!

அதாவது, தூசி எல்லாப் படத்திலும் ஒரே இடம். ஆனால் தூசிக்குப் பின்னால் இருக்கிற முகம் ஒரே இடம் அல்ல. நகல் எடுப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

திருத்திச் செய்தது

எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் புள்ளியை மட்டும் மொத்தமாக ஒட்டினோம். இரண்டாவது புள்ளியை வானம் இருந்த 29 படத்துக்கு மட்டும் ஒட்டி, மீதி 7-க்கு ஒட்டு எடுக்கும் வட்டத்தைக் கையால் நகர்த்தி, கல் மேல் வைத்தோம். மூன்றாவதை நகலே எடுக்கவில்லை. முடியில் விழுந்த 9 படத்தில் புள்ளி தெரியவே இல்லை, அதைத் தொடாமல் விட்டோம். மற்ற 27 படத்தையும் ஒவ்வொன்றாகச் செய்தோம். தூசியைவிடக் கொஞ்சமே பெரிய வட்டம். ஒட்டு எடுப்பது அதே கன்னத்தில், அதே வெளிச்சம் விழுகிற இடத்திலிருந்து. ஒன்றரை மணி நேரம் ஆனது.

முகத்தில் ஒரு புள்ளி இருந்தால் மச்சமா தூசியா என்று எப்படிச் சொல்வது? அவரையே எடுத்த இரண்டாவது படத்தைப் பக்கத்தில் வையுங்கள். முகம் நகர்ந்தால் மச்சம் கூடவே நகரும். தூசி நகராது. சோதனைப் படத்தில் அந்த இடத்தில் புள்ளி இல்லை என்றால் அது தூசியே அல்ல. அகலத் துளையில் எடுத்த படத்திலும் இருக்கிறது என்றால் மச்சமேதான். எங்கள் தோழியின் மச்சம் கிருஷ்ண மண்டபத்துப் படத்தில் பளிச்சென்று இருந்தது. தூசிக்கு நிறம் கிடையாது, தோலைக் கொஞ்சம் இருட்டாக்கும். மச்சத்துக்குத் தன் நிறம் உண்டு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எதுவும் தெளிவாகத் தெரியவில்லையா? விட்டுவிடுங்கள். ஒரு தூசி மிஞ்சினால் ஆல்பம் கெட்டுப்போகாது. ஒருவருடைய மச்சத்தை அழித்தால் அது அவர் படம் இல்லை.

காமிராவையும் சுத்தம் செய்தோம். மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் நிலையில் வைத்து, வாய் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் பல்ப் ஊதியால் ஊதினோம். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தூசி போய்விட்டது. மூன்றாவது ஊதியும் போகவில்லை. கடற்கரை உப்பு ஈரம் சேர்ந்தால் தூசி ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைப்பது தெரிந்தவர் வேலை. துணியை விட்டு நாமே தேய்த்தால் கீறல் விழும். கீறலும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்தான் வரும்!

யோசியுங்கள்: இடது மேல் மூலையில் புள்ளி விழும் காமிராவை, ஷட்டர் பட்டன் மேல் பக்கம் வருமாறு திருப்பி நெட்டாகப் படம் எடுத்தால் புள்ளி எந்த மூலையில் வரும்?

விடை: இடது கீழ் மூலை. இதனால்தான் நெட்டாக எடுத்த படங்களைப் படுக்கையாக எடுத்தவற்றோடு கலக்காமல் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

– 12-ஆம் வகுப்பு, ஆல்பக் குழு